அடுத்த வீட்டுப் பிள்ளையின் படம்

கேள்வி: வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறேன். ஒரு வாடிக்கையாளர், சேலையைக் கட்டிக்கொண்டு எட்டு வயது மகளுடன் கோயிலில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘சூப்பர் அக்கா’ என்று ஹார்ட்டும் போட்டிருந்தார். அதை இன்ஸ்டாகிராமிலும், என்னிடம் வாங்கி விற்பவர்களின் குழுவிலும் போட்டேன். இன்ஸ்டாவில் பார்த்துவிட்டு, வீட்டில் பெரிய சண்டை என்று கோபப்படுகிறார். என் மகள் படத்தைப் போட என் கணவர் விடமாட்டார் என்பதால் வாடிக்கையாளர் படங்களைத்தான் நம்பியிருக்கிறேன். அவராக அனுப்பியதுதானே, என் மேல் என்ன தப்பு?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் மகளின் படத்தைப் போட உங்கள் கணவர் விடமாட்டார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போகவில்லை. முகம் தெரியாதவர்களின் கைபேசியில் தன் பிள்ளை இருக்கக் கூடாது என்று ஒரு தகப்பன் நினைப்பது சரியென்று உங்களுக்குப் பட்டிருக்கிறது. நீங்களும் அடங்கிப் போயிருக்கிறீர்கள். அதே கவலை அந்த வீட்டுத் தகப்பனுக்கு இருக்காதா? உங்கள் வீட்டில் கிடைக்காத அனுமதியை அடுத்த வீட்டில் கேட்காமலேயே எடுத்துக்கொண்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளையைக் காப்பது பெற்றவர்களின் கடமை. அதில் சேலை விற்பவர் முடிவெடுக்க இடமே இல்லை.

அந்தப் பெண் படத்தை அனுப்பியது உங்களுக்கு. சேலை தனக்கு எப்படி அமைந்தது என்று காட்டவே அனுப்பினார். அந்த ஹார்ட் நன்றிக்கானது, விளம்பரத்துக்கானதல்ல. எதற்காக என்று சொல்லிக் கேட்டு, அதற்குத் தெளிவாகத் தந்த சம்மதமே சம்மதம் என்பதும், 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பதும் நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. படத்தின் காப்புரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கே உரியது. கோயிலில் அந்தப் படத்தை எடுத்தவர் கணவராக இருந்தால், படத்தில் இருப்பவர் சரியென்றாலும் எடுத்தவரையும் கேட்டாக வேண்டும்.

இனி படம் கேட்கும்போது இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். சேலை போய்ச் சேர்ந்து, கட்டிப் பார்க்க ஒரு வாரமாவது விட்டு, முதலில் படத்தை மட்டும் கேளுங்கள். படம் வந்த பிறகு தனியாக இப்படி எழுதுங்கள்: “இந்தப் படத்தை எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மட்டும் ஓராண்டுக்குப் போடலாமா? முகம் தெரியலாமா, பெயர் போடலாமா? படத்தை எடுத்தவருக்கும் சம்மதமா? வேண்டாம் என்றால் வருத்தமில்லை. பிறகு எடுக்கச் சொன்னாலும் அன்றே எடுத்துவிடுகிறேன்.” எழுத்தில் பதில் வந்தால் மட்டுமே போடுங்கள். பதில் வராவிட்டால் இல்லை என்றுதான் பொருள். மறுபடி நச்சரிக்கக் கூடாது. வந்த பதிலைப் படத்தோடு சேர்த்து வையுங்கள், ஓராண்டு முடிந்தால் நீங்களாகவே எடுத்துவிடுங்கள். படம் அனுப்பினால் 50 ரூபாய் தள்ளுபடி என்று கொடுத்திருந்தால், பதிவில் அதைச் சொல்லிவிடுவதே நேர்மை.

படத்தில் குழந்தை இருந்தால், அதைப் போடவே வேண்டாம், அனுமதியும் கேட்க வேண்டாம் என்பேன். தனியாக நிற்கும் படம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் முந்தானையும் கரையும் தெரியும் அளவுக்கு வெட்டி, அந்த வெட்டிய படத்தை அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். வாங்கி விற்பவர்களின் குழுவுக்கு வாடிக்கையாளர் படம் எதுவுமே போகக் கூடாது. இன்ஸ்டாகிராமில் போட்டதை நீங்கள் நீக்கலாம். அந்தக் குழுவிலிருந்து யார் யாருக்குப் போயிற்று என்று உங்களுக்கே தெரியாது. அவர்களுக்குச் சேலையைப் பாயில் விரித்து நீங்கள் எடுத்த படம் போதும். கட்டிக் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நீங்கள் கட்டிக்கொள்ளுங்களேன்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. குழுவில் போட்டதை அந்தப் பெண்ணிடம் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. இன்ஸ்டாகிராமில் பார்த்ததற்கே அவர் வீட்டில் இவ்வளவு சண்டை. அனுப்பி இரண்டு நாளுக்குமேல் ஆகிவிட்டால், குழுவில் எல்லோருக்குமாக அழிக்கும் வசதியும் வேலை செய்யாமல் போகலாம். அப்படியானால் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, தங்கள் கைபேசியிலும் ஸ்டேட்டஸிலும் இருப்பதை அழிக்கச் சொல்லுங்கள். அதை முடித்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு மெசேஜ் அனுப்பாமல் போன் செய்து, படம் எங்கெல்லாம் போனது, யார் அழித்தார்கள், யார் இன்னும் அழிக்கவில்லை என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். அவருடைய கணவர் போனை வாங்கினால், அவரிடமும் நீங்களே மன்னிப்புக் கேளுங்கள்.