வீட்டு இணைப்பில் சிறிய வெல்டிங் மெஷின்: கேள்வி பதில்

200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் வாங்கியிருக்கிறேன் அண்ணா. வீட்டில் இருப்பது 16 ஆம்பியர் பிளக்தான். எப்படித் தாங்கும்?

அந்த 200 ராடு முனையில் குறைந்த வோல்டேஜில் ஓடும் கரண்ட்; மீட்டர் வழியாக வருவது வேறு. 10 நம்பர் ராடை 100 ஆம்பியரில் எரித்தால் ஆர்க்கில் சுமார் 24 வோல்ட் இருக்கும். அது 2400 வாட். மெஷினுக்குள் வீணாவதையும், விலை குறைந்த இன்வெர்ட்டர்களின் பவர் ஃபேக்டர் 0.7 அளவில்தான் இருப்பதையும் சேர்த்தால், 230 வோல்ட் லைனில் சுமார் 18 ஆம்பியர் இழுக்கும். 12 நம்பர் ராடை 80 ஆம்பியரில் எரித்தால் 14 ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால், உங்கள் பிளக்கில் அந்த ராடோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குமிழை 200க்குத் திருப்பி எரித்தால் 40 ஆம்பியருக்கு மேல் கேட்கும்.

மெஷினை ஆன் செய்த நொடியிலேயே எம்சிபி விழுகிறது. ராடு இரும்பைத் தொடவே இல்லை. மெஷின் பழுதா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்பும் கணத்தில் பெரிய கரண்ட் பாய்ந்து அடங்குகிறது. எம்சிபியின் முகப்பில் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். B16 என்றால் அதன் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கு கரண்ட் வந்தாலே உடனே விழும். C16 என்றால் 5 முதல் 10 மடங்கு வந்தால்தான் உடனே விழும். எண்ணை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். C16 போட்ட பிறகும் ஒவ்வொரு முறையும் தவறாமல் விழுந்தால், மெஷினுக்குள் ஷார்ட் இருக்கலாம், சர்வீசுக்குக் கொடுத்துவிடுங்கள்.

எதற்கு இவ்வளவு சுற்று? என் 16 ஆம்பியர் எம்சிபி நாலைந்து ராடுக்கு ஒருமுறை விழுந்தது. 32 மாற்றினேன், இதுவரை பிரச்சினையே இல்லை. ராடு மாற்றும் இடைவெளியில் ஒயர் ஆறிவிடுமே!

ஆறுகிறது என்பது சரி. 10 நிமிடத்தில் 4 நிமிடம் மட்டும் எரித்தால், 18 ஆம்பியர் ஒயரில் உண்டாக்கும் சூடு தொடர்ந்து ஓடும் 11 ஆம்பியரின் சூட்டுக்குச் சமம். ஆனால் எம்சிபி காப்பது ஒயரை; மெஷினை அல்ல. 16 ஆம்பியர் சாக்கெட்டும் 2.5 ஸ்கொயர் ஒயரும் 32 ஆம்பியரில் சூடேறும்போது உங்கள் எம்சிபி அசையாது.

மெஷின் இழுப்பதே 18 என்றால், 32 எங்கிருந்து வரும் ஐயா?

நியாயமான கேள்வி. அந்த லைனில் மெஷினைத் தவிர எதுவும் ஓடாது, குமிழும் 100ஐத் தாண்டாது என்றால் வராது. ஆனால் அருகில் கிரைண்டர் ஓடும். உள்ளே யாராவது ஹீட்டர் போடுவார்கள். அதைவிட முக்கியமானது, 18 ஆம்பியருக்கு ஒரு நல்ல C16 ஒரு மணி நேரத்துக்குக்கூட விழக் கூடாது. உங்களுடையது சில ராடுகளிலேயே விழுந்ததென்றால், கூடுதல் லோடு இருந்திருக்க வேண்டும், அல்லது திருகு தளர்ந்த இணைப்பு சூடாகி எம்சிபியையும் சூடாக்கியிருக்க வேண்டும். மெயினை அணைத்து பிளக்கை உருவிப் பாருங்கள்: பின் பழுப்பேறியிருக்கும், சாக்கெட்டின் துளை விளிம்பு உருகி வளைந்திருக்கும். 32 போட்டதால் அந்தச் சூடு போகவில்லை, உங்களுக்குத் தெரிவதுதான் நின்றுபோனது. நான் 4 ஸ்கொயர் ஒயரில் தனி லைன் இழுத்து C20 போடச் சொல்வேன்.

4 ஸ்கொயர் வீண்செலவு. இடைவிட்டு எரிப்பவருக்கு 2.5 போதும் என்றே நான் இன்னும் நினைக்கிறேன்.

தூரம் குறைவு, உங்கள் கை மட்டுமே அந்த மெஷினைத் தொடும் என்றால் வாதாடமாட்டேன். இரவல் கொடுக்கும் வீட்டில் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

வீட்டிலிருந்து கேட் 30 மீட்டர். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போட்டால் ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

கரண்ட் போய்த் திரும்புவதால் ஒயர் 60 மீட்டர். கடையில் கிடைக்கும் 1 ஸ்கொயர் ஒயரில் 18 ஆம்பியர் ஓடினால் 20 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 ஸ்கொயரில் 5 வோல்ட்தான் போகும். உருளையில் சுற்றியபடியே ஓட்டாதீர்கள், உள்சுற்று வெந்துவிடும். மாலையில் சாக்கெட்டிலேயே 190 வோல்ட்தான் வருகிறதென்றால் ஒயரை மாற்றியும் பெரிதாகப் பயனில்லை, காலையில் எரியுங்கள்.

வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருக்கிறது. இதுவும் இன்வெர்ட்டர் மெஷின்தானே, கரண்ட் போனால் அதில் ஓடுமா?

ஓடாது. வீட்டு இன்வெர்ட்டர் 1000 விஏ அளவு. இது 4000 கேட்கும்.

16 எம்சிபிக்குப் பதிலாக 32 போட்டால்...

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். ஒயரை மாற்றாமல் எண்ணை ஏற்றாதீர்கள்.

எம்சிபி நிற்கிறது, கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஆர்சிசிபிதான் விழுகிறது. எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள்.

கழற்றாதீர்கள். கழற்றினால் கசியும் கரண்ட் மெஷினின் உடலிலேயே நிற்கும். அதைத் தொடும் உங்கள் கை வழியாக மண்ணுக்கு இறங்கும். முதலில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பிளக்குகளை உருவிவிட்டு ஓட்டிப் பாருங்கள்; ஒவ்வொன்றின் சிறு கசிவும் சேர்ந்து, ஆர்சிசிபி விழும் அளவான 30 மில்லிஆம்பியரை நெருங்கியிருக்கலாம். மெஷின் தனியாக ஓடும்போதும் விழுந்தால், கிரைண்டர் தள்ளிய இரும்புத்தூள் ஃபேன் வழியாக உள்ளே படிந்திருக்கும். பிளக்கை உருவி, சிறிது நேரம் விட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டுங்கள்.