லண்டன் ட்ரிப்: எந்த நேரம் வேலை நேரம்?

"சேர், ஞாயிறு இரவு 10 மணிக்கு வெள்ளவத்தை வீட்டால வெளிக்கிட்டு, 2.30 ஃப்ளைட்ல டுபாய் போய், திங்கள் பகல் 12.30க்கு லண்டன்ல இறங்கினன். பெப்ரவரி மாசம். எச்ஆர் பதினாலரை மணித்தியாலம்தான் பயணம் எண்டு சொல்லி, அதுவும் வேலை இல்லையாம், திங்களை லீவாப் போட்டுட்டாங்க. சரியா?"

தம்பி, முதல்ல கணக்கே பிழை. 12.30 லண்டன் நேரம், அது குளிர்காலத்தில கொழும்பில பின்னேரம் 6 மணி. அப்ப நீங்க பயணத்தில இருந்தது முழுசா 20 மணித்தியாலம், அவங்க ரெண்டு ஊர் மணிக்கூட்டையும் நேராக் கழிச்சதால அஞ்சரை மணித்தியாலம் காணாமப் போயிருக்கு. எல்லாத்தையும் கொழும்பு நேரத்துக்கு மாத்தி எழுதுங்கோ, வரேக்கையும் அப்பிடித்தான். வெள்ளி 3 மணிக்கு லண்டன் ஹோட்டலால வெளிக்கிட்டு சனி 2 மணிக்கு கட்டுநாயக்கவில இறங்கினா மணிக்கூட்டுப்படி 23, உண்மையில பதினேழரைதான். அங்க 23 எண்டு போட்டீங்களெண்டா உங்கட மற்றக் கணக்கையும் ஒருத்தரும் நம்பமாட்டாங்க.

இனி வேலை நேரமா எண்ட கேள்வி. எங்கட 1954ஆம் ஆண்டு கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம் எண்டு சொல்லுது, ஆனா ஃப்ளைட்டில இருக்கிற நேரத்தைப் பற்றி ஒண்டும் இல்லை. அதால உங்கட நியமனக் கடிதத்திலயும் ட்ராவல் பொலிசியிலயும் என்ன இருக்கு எண்டதுதான் முதல் ஆதாரம், அதில ஒண்டும் இல்லாட்டி நான் இப்பிடி வாதாடுவன்.

உங்கட ஒபிஸ் நேரம் காலமை 8.30 முதல் 5.30 எண்டு வைப்பம். திங்கள் அந்த நேரம் நீங்க டுபாய் ட்ரான்சிட்டிலயும் லண்டன் ஃப்ளைட்டிலயும், கொம்பனி போட்ட டிக்கெட்டில, கொம்பனி அனுப்பின இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தீங்க. அது லீவே இல்லை, சாப்பாட்டு நேரம் போக 8 மணித்தியால வேலை நாள். அமெரிக்க விதியும் இப்பிடித்தான், வழமையான வேலை நேரத்துக்குள்ள விழுற வெளியூர்ப் பயணம் வேலை, சனி ஞாயிறிலயும்தான். லீவை வெட்டினதை எழுத்தில ஆட்சேபியுங்கோ, இதில நீங்க நல்லா நிக்கலாம்.

கட்டுநாயக்கவில ஏற முன்னம் கேட்டில காத்திருந்த நேரம் வேற கதை. சும்மா போன் பாத்துக்கொண்டிருந்தா அங்க வாதம் பலவீனம். ஆனா இரவு 12 முதல் 1.30 வரை மனேஜர் கேட்ட ப்ரசன்டேசனைத் திருத்தி அனுப்பினீங்களெண்டா அது வேலைதான், திங்களோட சேர்த்து ஒன்பதரை மணித்தியாலம் வரும், மிஞ்சின ஒன்றரைக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் காசு கேக்கலாம். அனுப்பின மெயிலில நேரம் இருக்கும், அதையும் போர்டிங் பாஸையும் இப்பவே எடுத்து வைச்சிடுங்கோ, கொம்பனி லப்டொப்பைத் திருப்பிக் குடுத்தா பிறகு கிடைக்காது.

2.30லேருந்து நித்திரை கொண்ட நேரத்துக்கு ஓவர்டைம் கேக்காதீங்கோ, அதுக்கு எங்கட சட்டத்தில பிடி இல்லை. ஐஸ்லாந்து வழக்கொண்டில 2021ல ஐஸ்லாந்து, நோர்வே போன்ற நாடுகளுக்கான எஃப்டா நீதிமன்றம் வெளிநாட்டுப் பயணம் முழுக்க வேலை நேரம் எண்டு சொன்னது, ஆனா அது ஓய்வு நேரத்தைப் பற்றினது, சம்பளத்தைப் பற்றினது இல்லை, எங்கட ஆக்களை அது கட்டவும் மாட்டாது. அதுக்குப் பதிலா, இறங்கின அண்டைக்கே மீட்டிங் வைக்காம ஒரு இரவு ஓய்வு தாங்கோ எண்டு அடுத்த ட்ரிப்புக்கு முன்னமே மெயில் போடுங்கோ.

எச்ஆர் மறுத்தா அந்தப் பதிலையும் கையில வைச்சுக்கொண்டு நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்தில முறைப்பாடு குடுக்கலாம்.