அவதார் வாசிக்கும் தமிழில் மூச்சு எங்கே விழ வேண்டும்?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் தமிழ் வீடியோக்களில் ஏஐ அவதார் பேசுவது மூச்சுவிடாமல் அறிவித்தலை ஒப்புவிப்பது போல இருக்கிறது. ஸ்கிரிப்டை எப்படி எழுதினால் இயல்பாகக் கேட்கும்?

கொழும்பில் மும்மொழி வீடியோக்களுக்குத் தமிழ் ஸ்கிரிப்ட் எழுதுவது என் தொழில். சென்ற ஆண்டு வெள்ளவத்தையில் உள்ள ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்தின் காத்திருப்பு அறைத் திரைக்காக எழுதிய ஒரு பகுதியை வைத்தே விளக்குகிறேன். எனக்குக் கிடைத்த மூலம் இது:

“இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகை தருவோர், முதல்நாள் இரவு உணவின் பின்னர் குறைந்தது 8 மணித்தியாலங்கள் தண்ணீர் தவிர வேறெதனையும் உட்கொள்ளாது, மு.ப. 6.30 – 9.00 மணிக்கிடையில் வருகை தந்து, கருமபீடத்தில் இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.”

சுவரில் ஒட்டினால் இதில் குறை இல்லை, ஏனெனில் கண் திரும்பிப் போய் வாசிக்கும். காதுக்கு அந்த வசதி கிடையாது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், ‘உட்கொள்ளாது’, ‘வருகை தந்து’ என்று எச்சங்கள் சங்கிலியாக நீளும்போது, என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதை முடிவுவரை கேட்பவர் மனதில் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மனித அறிவிப்பாளர் இந்த எச்சங்களில் குரலைச் சற்று உயர்த்தி நிறுத்திச் சமாளித்துவிடுவார். குரல் இயந்திரமோ பெரும்பாலும் நிறுத்தற்குறிகளையே நம்பி நடப்பதால், குறி இல்லாத இடத்தில் ஓடிவிடுகிறது, தேவையற்ற இடத்தில் குறி இருந்தால் அங்கே நின்றுவிடுகிறது. நாங்கள் முதலில் எடுத்த பதிவில், ‘மு.ப.’ என்பதன் புள்ளியை வாக்கிய முடிவாக எடுத்துக்கொண்டு குரல் தாழ்ந்து நின்றது. அதற்கு அடுத்து வந்த 6.30, ‘ஆறு புள்ளி மூன்று பூச்சியம்’ ஆகிவிட்டது.

ஆகவே, எச்சம் வந்த இடங்களில் வாக்கியத்தை முறித்து, எண்களைச் சொல்லும் விதமாகவே எழுத்தில் எழுதினேன்:

“நாளைக்கு இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகிறீர்களா? இன்று இரவு சாப்பிட்ட பிறகு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். வேறு எதுவும் வேண்டாம். குறைந்தது எட்டு மணித்தியாலம் இப்படி இருந்துவிட்டு, காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் வாருங்கள். வந்தவுடன், கருமபீடத்தில் உங்கள் இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.”

நான்காவது வாக்கியத்தை நீளமாக விட்டது வேண்டுமென்றேதான். என் முதல் திருத்தத்தில் எல்லா வாக்கியங்களும் நான்கைந்து சொற்களில் முடிந்தன. ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் குரல் ஒரேயளவு தாழ்ந்து, மீண்டும் ஒரே உயரத்தில் தொடங்கியதால், சிறுபிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல இருந்தது. இரண்டு குறுகிய வாக்கியங்களுக்குப் பின் ஒரே ஓர் எச்சத்துடன் சற்று நீண்டது ஒன்று வந்தால் அந்தத் தாளம் உடைகிறது.

பேச்சின் நடுவே வரும் இடைவெளிகளை நான் மிகச் சிக்கனமாகவே சேர்ப்பேன். வாக்கியத்துக்குள் காற்புள்ளியே போதும். சாப்பாட்டைப் பற்றிய அறிவுறுத்தல் முடிந்து, வர வேண்டிய நேரத்துக்குப் போகும் இடத்தைப் போல, கேட்பவர் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ள வேண்டிய இடத்தில் மட்டும், உங்கள் மென்பொருள் ஏற்றுக்கொண்டால், இப்படி ஒரு குறியை இடலாம்:

```xml
வேறு எதுவும் வேண்டாம். <break time="600ms"/> குறைந்தது எட்டு மணித்தியாலம்
```

ஒரு செக்கனைத் தாண்டினால், வானொலியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அமைதி, அவதாரில் முகம் உறைந்துபோனது போலத் தெரியத் தொடங்குகிறது. அவ்வளவு நேரம் தேவைப்பட்டால், அங்கே காட்சியை வெட்டி, நேரத்தை எழுத்தில் காட்டுங்கள். ‘எட்டு’ என்பதற்கும் ‘மணித்தியாலம்’ என்பதற்கும் நடுவில், அதாவது எண்ணுக்கும் அதன் அலகுக்கும் இடையில், எந்தக் காரணத்துக்காகவும் இடைவெளி விடாதீர்கள். சில தளங்கள் இந்தக் குறியைப் புறக்கணித்துவிடும், சிலவற்றில் குறியே வாசிக்கப்பட்டுவிடும். அங்கே புதிய பத்தியாகப் பிரிப்பதே வழி.

குரலைத் தெரிவுசெய்ய முடிந்தால், இலங்கைத் தமிழுக்கென உள்ளதை எடுங்கள். மைக்ரோசாஃப்ட் அஷ்யூரில் `ta-LK-SaranyaNeural`, `ta-LK-KumarNeural` என இரண்டு உள்ளன. எந்தக் குரலானாலும், ‘பில்’ போன்ற சொற்களில் முதலெழுத்தை ‘b’ என்றில்லாமல் ‘p’ என்று வல்லோசையாக வாசித்துவிடும் வாய்ப்பு உண்டு என்பதால், நான் ‘பற்றுச்சீட்டு’ என்றே எழுதிவிடுவேன்.

வீடியோவை உருவாக்குவதற்கு முன் ஒலியை மட்டும் எடுத்து, ஸ்கிரிப்டைப் பார்த்திராத ஒருவருக்கு ஒரே ஒரு தடவை போட்டுக்காட்டி, “எத்தனை மணிக்கு வர வேண்டும், எதைக் குடிக்கலாம்?” என்று கேட்பது என் வழக்கம். அந்த நிலையத்தில் வரவேற்பு மேசையில் இருந்த அக்கா முதற்பதிவைக் கேட்டுவிட்டு, “தண்ணியும் குடிக்கக் கூடாதா, தம்பி?” என்றார். ‘தவிர’ என்ற சொல் ஓட்டத்தில் அவர் காதில் விழவேயில்லை. ‘தண்ணீர் மட்டும் குடிக்கலாம்’ என்பது தனி முற்றாக மாறியது அதற்குப் பிறகுதான்.