நீராவிக் குழாயும் 36 வாட்டும்

ஐயா, வணக்கம். காப்பு சுற்றாத நீராவிக் குழாய் ஒன்றின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டேன். வெளிவிட்டம் 100 மில்லிமீட்டர், நீளம் 5 மீட்டர், மேற்பரப்பு 150 டிகிரி செல்சியஸ், அறைக்காற்றும் சுவர்களும் 30 டிகிரி, உமிழ்திறன் 0.8. வெப்பச்சலனக் கெழு 8 என்று கொடுத்திருந்தார்கள். சலனத்தால் 1508 வாட், கதிர்வீச்சால் 36 வாட் வந்தது. கதிர்வீச்சு மிகச் சிறியது என்று விட்டுவிட்டேன். ஆனால் புத்தகத்தில் மொத்த விடை ஏறத்தாழ 3190 வாட். அலகுகளைச் சரிபார்த்துவிட்டேன். பிழை எங்கே?

— மூன்றாம் ஆண்டு இயந்திரப் பொறியியல் மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

கதிர்வீச்சுச் சமன்பாட்டில் நீங்கள் 150, 30 என்ற செல்சியஸ் எண்களையே நான்மடியாக்கியிருக்கிறீர்கள். அங்கே வரவேண்டியவை 423, 303 என்ற கெல்வின் எண்கள். அவற்றை இட்டால் சதுர மீட்டருக்கு 1070 வாட்டும், குழாயின் 1.57 சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1680 வாட்டும் வரும். அதாவது, நீங்கள் விட்டுவிட்ட பகுதிதான் இரண்டில் பெரியது.

உங்கள் அலகுச் சோதனை இதைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. சலனக் கணக்கில் வருவது 150-க்கும் 30-க்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. கழிக்கும்போது அளவுகோலின் பூச்சியம் எங்கிருக்கிறது என்பது மறைந்துவிடுவதால், 120 டிகிரி என்றாலும் 120 கெல்வின் என்றாலும் ஒன்றே. அதனால் இரண்டு குறிகளையும் மாற்றி மாற்றி எழுதக் கை பழகிவிடுகிறது. நான்மடியாக்கிய பிறகு கழித்தால் பூச்சியம் மறைவதில்லை. மாறிலியின் அலகில் கெல்வின் என்று எழுதியிருப்பதைப் பார்த்து உங்கள் எண்களின் பக்கத்திலும் கெல்வின் என்றே எழுதிவிட்டால், தாளில் அலகுகள் அழகாகப் பொருந்தும். எண் மட்டும் செல்சியஸாகவே இருக்கும். இதற்கு நேர்மாறான பிழையையும் விடைத்தாள்களில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். வேறுபாடான 120-உடன் 273-ஐக் கூட்டி 393 என்று எழுதுவார்கள்; உங்கள் 1508 வாட் அங்கே 4900-ஐத் தாண்டிவிடும்.

ஆகவே விடை கிடைத்ததும் அதைப் பரப்பாலும் வெப்பநிலை வேறுபாட்டாலும் வகுத்துப் பாருங்கள். கிடைப்பது கதிர்வீச்சுக்கான ஒரு கெழு. அதைச் சலனக் கெழுவோடு நேராக ஒப்பிடலாம். அறை வெப்பநிலையை ஒட்டிய கரும்பரப்புக்கு அது 6 அளவில் இருக்கும். பரப்பு சூடாக ஆக அது உயரும். உமிழ்திறன் 0.8 உள்ள உங்கள் குழாய்க்குச் சரியான விடையிலிருந்து ஏறத்தாழ 9 வருகிறது. உங்கள் 36 வாட்டிலிருந்து வருவதோ 0.19. பளபளப்பாக மெருகேற்றிய உலோகத்துக்கு இவ்வளவு சிறிய எண் வரலாம், துருவேறிய குழாய்க்கு வராது. அசையாத காற்றில் நிற்கும் பொருள்களுக்குச் சலனமும் கதிர்வீச்சும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதே வழக்கம் என்பதை மனத்தில் வைத்திருந்தால், 1508-க்குப் பக்கத்தில் 36 வந்தவுடனேயே பேனா நின்றிருக்கும்.

எண் தெரியாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. அதே சமன்பாட்டில் பரப்பை 30 டிகிரியிலும் சுவரைப் பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரியிலும் வையுங்கள். செல்சியஸ் எண்களை இட்டால் இரண்டின் நான்மடியும் சமமாகி, வெப்பமே பாயவில்லை என்று விடை வரும். அறுபது டிகிரி வேறுபாட்டில் அது நடக்காது; கரும்பரப்புகளானால் உண்மையில் சதுர மீட்டருக்கு 280 வாட் பாயும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனெனில் மேலே சொன்ன அளவுச் சோதனை அதில் தோற்றுப்போகும். அடுத்த பயிற்சியில் அந்த 8 என்ற கெழுவை நீங்களே கணக்கிட வேண்டியிருக்கும். அதற்கான ராலே எண்ணில் காற்றின் பரும விரிவுக் கெழு வருகிறது. காற்றை நல்லியல்பு வாயுவாகக் கொண்டு, சராசரி வெப்பநிலையின் தலைகீழியை அதற்கு எடுக்கிறோம். குழாய்க்கும் காற்றுக்கும் சராசரி 90 டிகிரி, அதாவது 363 கெல்வின். 1/363 என்பதற்குப் பதில் 1/90 என்று எழுதினால் ராலே எண் நான்கு மடங்காகும். ஆனால் இவ்வகைக் குழாய்க்குக் கெழு ராலே எண்ணின் நான்காம் மூலத்தைப் பொறுத்து மாறுவதால், 8 என்பது 11-க்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். இயற்கைச் சலனத்துக்கு 11 நம்பத்தக்க எண்தான். பார்த்தவுடன் யாருக்கும் உறுத்தாது, ஆனால் சலன இழப்பு நாற்பது சதவீதம் கூடியிருக்கும். இங்கே விடையைப் பார்த்துப் பயனில்லை, சமன்பாட்டைத்தான் பார்க்கவேண்டும்: வெப்பநிலை வேறுபாடாக வராமல் தனித்து நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் வட்டமிட்டு, அங்கே 273 கூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்கு முழுவதிலும் அப்படி மூன்று இடங்களே இருக்கும்: நான்மடியில் இரண்டு, விரிவுக் கெழுவில் ஒன்று.