மோட்டார் ஸ்டார்ட்டர் இனி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நான் உசிலம்பட்டிப் பக்கம். கிணற்று மோட்டாரை போனிலிருந்தே ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டர் ஒன்றை நானும் என் மச்சானும் செய்து, ஊரில் ஆறு மல்லிகைத் தோட்டங்களில் மாட்டியிருக்கிறோம். இப்போது பம்ப் கன்ட்ரோலர் செய்யும் ஒரு பெங்களூரு கம்பெனியின் மதுரைக் கிளையில் வேலை கிடைத்திருக்கிறது. வேலையை விட்டபின் 2 ஆண்டு இதே தொழிலில் சேரக் கூடாது, சேர்ந்தால் 5 லட்சம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வேலையில் இருக்கும்போதும் விட்ட பின் 1 ஆண்டுவரையும் நான் கண்டுபிடிப்பது எல்லாம் கம்பெனிக்கு என்றும் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்து கேட்கிறார்கள். அந்த 2 ஆண்டுதான் பயமாக இருக்கிறது. போடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் பயப்படுகிற ஷரத்துக்குப் பல் கிடையாது. பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்த இரண்டாவது ஷரத்துதான் கடிக்கும்.

முதலில் அந்த 2 ஆண்டைப் பார்த்துவிடுவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27: ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. தடை நியாயமான அளவில் இருந்தால் செல்லும் என்று இங்கிலாந்தில் பார்ப்பார்கள். நம் சட்டத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வேலை முடிந்த பிறகான தடை செல்லாது என்பதை கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது. தடையே செல்லாதபோது, அதை மீறியதற்கான 5 லட்சமும் நிற்காது. ஆனால் கம்பெனியின் ரகசியங்களை, உதாரணத்துக்கு அவர்களுடைய சர்க்யூட் வரைபடத்தையோ வாடிக்கையாளர் பட்டியலையோ, வெளியே கொண்டு போகக் கூடாது என்ற ஷரத்து வேலையை விட்ட பிறகும் உங்களைக் கட்டும். அது வேறு, தொழில் தடை வேறு.

செல்லாத ஷரத்தை வைத்துக்கொண்டும் சில கம்பெனிகள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பும், ரிலீவிங் லெட்டரை இழுத்தடிக்கும். தொந்தரவுதான், அதற்காக இந்த வேலையை விட வேண்டியதில்லை. இன்னொன்றையும் பாருங்கள்: குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்டு தனியாக இருக்கிறதா? அது இந்தக் கணக்கில் சேராது. ஒரு வங்கி வழக்கில் 3 ஆண்டு, 2 லட்சம் ரூபாய் பாண்டை 2025-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

வேலையில் இருக்கும் காலத்துத் தடை அப்படியல்ல, அது செல்லும். 1967-ல் கோலிகாரி வழக்கிலேயே இதைத் தீர்த்துவிட்டார்கள். நோட்டீஸ் காலமும் இதில் அடங்கும். ஆகவே சேர்ந்த பிறகு ஏழாவது தோட்டத்தில் ஸ்டார்ட்டர் மாட்டினால் அது ஒப்பந்த மீறல். ஏற்கெனவே மாட்டிய ஆறுக்கு ரிப்பேர் பார்ப்பதற்குக்கூட எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் ‘பரவாயில்லை’ என்று சொல்லும் மேனேஜர் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்.

இனி கண்டுபிடிப்பு. வேலையாள் கண்டுபிடித்தது முதலாளிக்கா அவருக்கா என்று நமது காப்புரிமைச் சட்டம் 1970 தனியாக எதுவும் சொல்லவில்லை. உரிமையை எழுத்தில் மாற்றித் தர வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. அந்த எழுத்துதான் நீங்கள் கையெழுத்திடப் போகும் காகிதம். ஸ்டார்ட்டருக்குள் ஓடும் புரோகிராம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வரும். வேலையின் பகுதியாக எழுதிய புரோகிராம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்கே முதல் உரிமை என்கிறது அதன் பிரிவு 17. ஞாயிற்றுக்கிழமை வீட்டில், சொந்த லேப்டாப்பில், வேலைக்குச் சம்பந்தமில்லாமல் எழுதியது உங்களுடையது. ஆனால் இனி எழுதப்போவதையும் முன்கூட்டியே மாற்றிக்கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ‘எல்லாம் கம்பெனிக்கு’ என்று கையெழுத்திட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.

ஆகவே மூன்று திருத்தம் கேளுங்கள். முதலாவது, ‘எல்லாம்’ என்பதை, கம்பெனி தந்த வேலையில் உருவானவை, கம்பெனியின் கருவியையோ ரகசியத்தையோ பயன்படுத்தி உருவானவை என்று சுருக்கச் சொல்லுங்கள். உங்கள் வேலையே பம்ப் கன்ட்ரோலர் என்பதால், ‘கம்பெனியின் தொழில் தொடர்பான எதுவும்’ என்று அவர்கள் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் ஸ்டார்ட்டர் நேராக அதற்குள் விழும். இரண்டாவது, வேலையை விட்ட பின் வரும் 1 ஆண்டை எடுக்கச் சொல்லுங்கள். மறைமுகமாக அதுவும் தொழில் தடைதான் என்று பிரிவு 27-ன் கீழ் வாதாட இடமுண்டு என்பது என் கருத்து. ஆனால் வாதாடலாம் என்ற தெம்பில் கையெழுத்துப் போடக் கூடாது. அவர்கள் விடாவிட்டால், கம்பெனியில் இருந்தபோதே உருவாகி, விட்ட பிறகு வெளிவந்தவை மட்டும் என்று குறுக்குங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். முந்தைய கண்டுபிடிப்புகள் என்று ஒப்பந்தத்தின் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கும். பலர் அதில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பிறகு அவர்கள் கையெழுத்தே அவர்களுக்கு எதிரான சாட்சி. அட்டவணை இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். ‘மொபைல் வழியாக மூன்று ஃபேஸ் பாசனக் கிணற்று மோட்டாரை இயக்கி நிறுத்தும், ஃபேஸ் அறுந்தால் தானே நிறுத்தும் ஸ்டார்ட்டர், அதன் சர்க்யூட், புரோகிராம், நானும் இன்னொருவரும் சேர்ந்து உருவாக்கியது, வேலையில் சேருமுன்பே ஆறு இடங்களில் பயன்பாட்டில் உள்ளது’ என்ற அளவில் எழுதினால் போதும். என்ன செய்கிறது என்று எழுதுங்கள். எப்படிச் செய்கிறது என்று எழுதி ரகசியத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பாகங்கள் வாங்கிய பில், தேதியுள்ள போட்டோ, புரோகிராமின் பழைய பிரதிகள் ஆகியவற்றைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். மச்சானோடும், யார் எதைச் செய்தது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு காகிதம் எழுதிக்கொள்ளுங்கள். உறவுக்குள் எதற்கு என்று தோன்றும், எழுதுங்கள்.

அட்டவணைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி ஒளிந்திருக்கக்கூடும்: உங்கள் பழைய கண்டுபிடிப்பைக் கம்பெனிப் பொருளில் சேர்த்தால், அதைக் காலமெல்லாம் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை கம்பெனிக்கு. அந்த வரியை எடுக்க மறுத்தால், வேலை நெருக்கடியில் உங்கள் பழைய புரோகிராமின் ஒரு துண்டைக்கூட ஆபீசுக்குள் கொண்டு போகாதீர்கள்.

காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால், சேருமுன் புரோவிஷனல் விண்ணப்பம் போட்டுவிடலாம். தனிநபருக்கு ஆன்லைனில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்; முழு விவரத்தை 12 மாதத்துக்குள் தர வேண்டும். ஆனால் ஒரு சிக்கல். ஆறு தோட்டத்திலும் காசு வாங்கி மாட்டியிருந்தால், அந்த மாடல் புதியதல்ல என்று காப்புரிமை மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். சோதனைக்காக மட்டும், கடந்த ஓராண்டுக்குள் மாட்டியது என்றால், காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 32-ல் விலக்குக் கேட்க வழியுண்டு. காப்புரிமை கிடைக்காவிட்டாலும் புரோகிராமின் பதிப்புரிமை உங்களோடுதான் இருக்கும்; அதற்குப் பதிவுகூடக் கட்டாயமில்லை.

இதையெல்லாம் போனில் பேசாமல் எச்.ஆருக்கு மெயிலில் எழுதுங்கள். திருத்திய ஒப்பந்தத்துக்கு இன்னும் நாலு நாள் கேளுங்கள். ‘எல்லோரும் இதில்தான் போடுகிறார்கள், மாற்ற முடியாது’ என்று பதில் வந்தால், மற்றதை விட்டுக்கொடுத்தாலும் அட்டவணையை விடாதீர்கள். அதையும் மறுத்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். கடைசிப் பக்கத்தில் ‘வழக்கு பெங்களூரு நீதிமன்றத்தில் மட்டும்’ என்று இருக்கிறதா பாருங்கள். வேலை ஒப்பந்தத்திலும் இப்படிப்பட்ட ஷரத்து செல்லும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகராறு வந்தால் மதுரையில் வழக்குப் போட முடியாது.