மூன்று பிழைகளும் ஒரே எடையல்ல

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக அலுவலகக் கடிதங்களில் 'ப்ரீபோன்', 'டிஸ்கஸ்டு அபவுட்', 'ரிவர்ட் பேக்' என்று எழுதி வருகிறேன். புதிதாக வந்த மேலாளர் மூன்றையும் திருத்துகிறார். இங்கே எல்லோருக்கும் புரிகிற ஆங்கிலத்தைத் திருத்துவது அடிமைப் புத்தி இல்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 'ப்ரீபோன்' விஷயத்தில் நான் உங்கள் கட்சி. 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக முறைப்படி அமைந்த சொல் அது. ஆக்ஸ்போர்டு அகராதியில் இடம்பெற்றிருக்கிறது. 1913-லேயே 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழுக்கு ஒருவர் இந்தச் சொல்லைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனால் இன்று இந்தியாவுக்கு வெளியே பலருக்கு அது புரியாது. வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்தில் 10-ஆம் தேதிக் கூட்டம் 7-ஆம் தேதிக்கு மாறியிருக்கிறது என்று இரண்டு தேதிகளையும் எழுதிவிடுங்கள்.

மற்ற இரண்டில் மேலாளர் சொல்வதே சரி. 'டிஸ்கஸ்டு அபவுட்' தமிழிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பிழை. 'சம்பளத்தைப் பற்றிப் பேசினோம்' என்று மனம் சொல்ல, அந்தப் 'பற்றி' கூடவே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'டாக்' என்ற வினைக்கு 'அபவுட்' வேண்டும். 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு வேண்டாம், 'வி டிஸ்கஸ்டு த சேலரி' என்றாலே முடிந்தது. அதே சொல் பெயர்ச்சொல்லாகும்போது 'எ டிஸ்கஷன் அபவுட் சேலரி' சரிதான். குழப்பம் பிறக்கும் இடம் இதுவே. விடுப்புக் கடிதத்தில் எழுதுகிற 'ஐ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பதும் இதே வகைப் பிழை. 'எ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி. வினையாக வரும்போது 'ஃபார்' கூடாது.

உண்மையில் ஆபத்தானது 'ரிவர்ட்'. பழைய நிலைக்குத் திரும்புவது என்பதே அதன் பொருள். குத்தகை முடிந்த நிலம் உரிமையாளரிடம் 'ரிவர்ட்' ஆகும். மென்பொருள் துறையில் `git revert HEAD` என்று தட்டினால் கடைசியாகச் செய்த மாற்றம் ரத்தாகும். திரும்புதல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் 'பேக்' வீண். அதை வெட்டிவிட்டாலும் சிக்கல் தீராது, 'பதில் எழுது' என்ற பொருளை அந்தச் சொல்லுக்கு நாம்தான் ஏற்றிவைத்திருக்கிறோம்.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறேன். வெளிநாட்டு ஓவியர் ஒருவரிடம் அட்டைப்படத்தில் மூன்று திருத்தங்கள் கேட்டிருந்தோம். செய்து அனுப்பினார். முகத்தின் நிழலில் மட்டும் ஒரு சந்தேகம். அதை விளக்கிவிட்டு, கடைசி வரியாக 'ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த சேஞ்சஸ்' என்று எழுதினோம். நாங்கள் கேட்டது பதில். மறுநாள் வந்ததோ, மூன்று திருத்தங்களையும் நீக்கிய பழைய படம்! அச்சுக்குப் போக இரண்டே நாள் இருந்தது. அவர்மீது ஒரு குற்றமும் இல்லை. நாங்கள் எழுதியதைத்தான் அவர் செய்தார். அன்றிலிருந்து எங்கள் அலுவலகக் கடிதங்களில் 'ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே' என்றுதான் எழுதுகிறோம்.