தந்தையைக் கொன்ற மகனின் பங்கு யாருக்குப் போகும்?

கேள்வி: தந்தையைக் கொன்ற மகனுக்கு இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படி சொத்தில்லை என்கிறார்கள். அப்படியானால் அவனுடைய பங்கை மற்ற வாரிசுகள் எப்படிப் பிரித்துக்கொள்வது?

பிரித்துக்கொள்வதற்கு அவனுடைய பங்கு என்று ஒன்று இல்லவே இல்லை. கொலையால் வாரிசுரிமையை இழந்தவன் பிறக்காதவனைப் போலவே கருதப்படுவான். ஆகவே கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். இந்த இடத்தில்தான் குடும்பங்கள் தவறுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இறந்தவருக்கு மனைவி, தாய், ஒரு மகன், உடன்பிறந்த சகோதரர் ஒருவர் இருப்பதாகவும், அடக்கச் செலவும் கடனும் மரண சாசனமும் போக மீதமுள்ள சொத்தை 24 பங்காக்குவதாகவும் வைத்துக்கொள்வோம். மகன் குற்றமற்றவனாக இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3, தாய்க்கு ஆறில் ஒன்றாக 4, மீதி 17 மகனுக்கு. மகன் இருப்பதால் சகோதரருக்கு எதுவும் இல்லை. அந்த மகனே கொன்றவன் என்றால், மனைவியும் தாயும் அந்த 17 பங்கைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதே நியாயம் என்று தோன்றும். அது தவறு. பிள்ளை இல்லாதவரின் சொத்தாக அதைப் பிரிக்க வேண்டும் என்பதால் மனைவியின் பங்கு நான்கில் ஒன்றாகி 6 ஆகவும், தாயின் பங்கு மூன்றில் ஒன்றாகி 8 ஆகவும் உயர, மீதமுள்ள 10 பங்கும் இதுவரை கணக்கிலேயே வராத சகோதரரைச் சேரும். நபித்தோழர் இப்னு மஸ்ஊத் அவர்கள், கொலையாளி தான் பெறாவிட்டாலும் மனைவி, தாய் போன்றோரின் பங்கைக் குறைப்பான் என்று கருதினார்கள்; பெரும்பான்மை அறிஞர்கள் அதை ஏற்கவில்லை.

கொன்றவனுக்கு ஒரு மகன் இருந்தால் இந்தக் கணக்கும் மாறிவிடும். அந்தப் பேரன் தகப்பனின் இடத்தில் நின்று வாங்குவதில்லை; இறந்தவரின் மகன்வழிப் பேரன் என்ற தன் சொந்த உரிமையில் வருகிறான். எனவே மனைவிக்கு 3, தாய்க்கு 4, பேரனுக்கு 17 என்றாகி, சகோதரர் மீண்டும் விலக்கப்படுவார். தகப்பன் செய்த பாவத்துக்காகப் பிள்ளையின் உரிமையை மறுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

இவ்வளவையும் கணக்கிடும் முன், நடந்தது எத்தகைய கொலை என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். வேட்டையில் மகன் சுட்ட தோட்டா குறி தவறித் தந்தை இறந்துபோனார் என்றால், ஷாஃபிஈ மத்ஹபிலும் ஹனஃபி மத்ஹபிலும் அவனுக்கு வாரிசுரிமை இல்லை. மாலிகி மத்ஹபில் தவறுதலாகக் கொன்றவன் சொத்தில் வாரிசாகிறான், இரத்த ஈட்டுத்தொகையான தியத்தில் மட்டும் விலக்கப்படுகிறான். எனவே பேரன் இல்லாத நம் முதல் உதாரணத்தில், அதே குடும்பத்துக்கு அந்த மத்ஹபின்படி இரண்டு கணக்குகள் போட வேண்டியிருக்கும்: சொத்து 3, 4, 17 என்று மனைவி, தாய், மகனுக்கும், தியத் 6, 8, 10 என்று மனைவி, தாய், சகோதரருக்கும் போகும்.